காலியான வலது ஓரம்



1970 ஜூன் 21. மெக்சிகோ நகரத்து அஸ்டெகா மைதானம். உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் 86ஆவது நிமிடம். இத்தாலிக்கு எதிராகப் பிரேசில் மூன்றுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருக்கிறது. அப்போது பிரேசில் நான்காவதாக ஒரு கோல் போடுகிறது. கால்பந்து பார்ப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கோலை எங்காவது ஒரு வீடியோவில் பார்த்திருப்பீர்கள். போட்டவர் யார் என்றால் கேப்டன் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ என்பார்கள். பந்தைத் தட்டிக் கொடுத்தவர் யார் என்றால் பீலே என்பார்கள். மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. அந்த மூன்றாவது ஆள் தன் இடத்தை விட்டு மைதானத்தின் மறுபக்கம் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கோலே இல்லை.

இன்றைய பதிவு அவரைப் பற்றியும், அவர் பின்னால் இழுபட்டுப் போன இன்னொருவரைப் பற்றியும். போகிற வழியில், இப்போது டிவி வர்ணனையில் நிமிடத்துக்கு ஒரு முறை காதில் விழும் ஓவர்லேப், அண்டர்லேப் என்ற இரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம்.

நான் சமூக அறிவியல் எடுத்தவன். ஆனால் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த சில ஆண்டுகள், மாலையில் பந்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுடன் மைதானத்துக்குப் போகும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பந்து எங்கே போகிறதோ அங்கே இருபது பேரும் ஓடுவார்கள். மைதானத்தின் முக்கால் பங்கு காலியாகக் கிடக்கும். "டேய், ஓரத்துக்குப் போய் நில்லுடா" என்று ஒருவனை அனுப்பினால், "சார், அங்கே பந்தே வரலை" என்று இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவான். அவன் ஓரத்தில் நிற்பதே ஒரு வேலை, பந்து வராவிட்டாலும் அது வேலைதான் என்று அவனுக்குப் புரிய வைப்பது பெரும்பாடு.

அது ஏன் வேலை என்று கணக்கில் பார்ப்போம். பெரிய மைதானங்கள் வழக்கமாக 68 மீட்டர் அகலம். கோல் முன்னால் இருக்கும் பெனால்டி பகுதியின் அகலம் சுமார் 40 மீட்டர். அப்படியானால் பெனால்டி பகுதிக்கும் பக்கக் கோட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஏறத்தாழ 14 மீட்டர் இடம் மிஞ்சுகிறது. தடுப்பு ஆட்டக்காரர்கள் நால்வர். எதிரணி நடுவிலேயே குவிந்து ஆடினால், இந்த நால்வரும் 40 மீட்டருக்குள் நெருங்கி நின்று கதவைச் சாத்திவிடுவார்கள். எதிரணியில் ஒருவர் இடது கோட்டிலும் ஒருவர் வலது கோட்டிலும் நின்றால், அதே நால்வர் 68 மீட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே சந்து விழும். கோல் அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறது. அகலம் என்று கால்பந்தில் சொல்வது இதைத்தான்.

முன்காலத்தில் இந்த அகலத்தைக் கொடுப்பது விங்கரின் வேலை. அணிக்கு ஐந்து முன்னணி ஆட்டக்காரர்கள் இருந்த காலம் அது. இடது கோரத்தில் ஒருவர், வலது ஓரத்தில் ஒருவர் என்று விங்கர்கள் கோட்டை ஒட்டியே நிற்பார்கள். ஃபுல்பேக், அதாவது ஓரத்துத் தடுப்பு ஆட்டக்காரர், எதிரணி விங்கரைக் கவனித்துக்கொண்டு பின்னால் இருப்பார். அவர் முன்னேறிப் போக நினைத்தாலும் பாதையில் அவருடைய விங்கரே நிற்பார். ஒரே இலையில் இருவர் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? அதனால் ஃபுல்பேக் நடுக்கோட்டைத் தாண்டுவது அபூர்வமாக இருந்தது.

இது எப்போது மாறியது என்று ஒரே ஒரு நாளைச் சொல்ல முடியாது. ஆனால் நல்ல தொடக்கமாக ஒரு நாளைச் சொல்லலாம். 1958 ஜூன் 8, சுவீடன் உலகக் கோப்பையில் பிரேசிலின் முதல் ஆட்டம், ஆஸ்திரியாவுக்கு எதிராக. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பிரேசிலின் லெப்ட் பேக் நில்டன் சாண்டோஸ் பந்தைத் தன் பாதியிலிருந்து எடுத்துக்கொண்டு முன்னேறினார். வயது 33. பயிற்சியாளர் ஃபியோலா ஓரத்தில் நின்று "திரும்பி வா, திரும்பி வா" என்று கத்தினார், கோல் விழுந்ததும் "பலே" என்றார் என ஒரு கதை பிரேசிலில் சொல்வார்கள். கதை எப்படியோ, கோல் உண்மை. பிரேசில் 3-0 என்று வென்றது.

இந்தக் கோலில் நில்டன் சாண்டோஸின் பெயர் எல்லாருக்கும் தெரியும். நாம் கவனிக்க வேண்டியவர் அவருக்கு முன்னால் இடது விங்கராக ஆடிய மாரியோ ஜகாலோ. மற்ற விங்கர்களைப் போல அவர் முன்னாலேயே நிற்பவர் அல்ல. பந்து எதிரணியிடம் போனால் இறங்கி வந்து நடுவில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொள்வார். அந்த ஓயாத ஓட்டத்துக்காகவே பிரேசிலில் அவரை எறும்பு என்று அழைத்தார்கள். அவர் இறங்கி வருவதால் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, நில்டன் சாண்டோஸுக்கு முன்னால் பாதை திறந்தது. இன்னொன்று, நில்டன் முன்னே போனால் பின்னால் காலியாகும் இடத்தைக் காக்க ஜகாலோ இருந்தார். முன்னே போகிறவரைப் பார்த்துக் கைதட்டுகிறோம். அவர் போகலாம் என்று ஆக்கிக் கொடுத்தவர் விங்கர். ஜகாலோ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

அடுத்த காட்சி இத்தாலியின் மிலான் நகரம். இன்டர் அணிக்கு 1960 முதல் ஹெலெனியோ ஹெரேரா பயிற்சியாளர். தடுப்பு ஆட்டத்துக்குப் பேர் போன அணி. பின்னால் கடைசி ஆளாகப் பிக்கி என்ற கேப்டன், அவருக்கு முன்னால் ஆளுக்கு ஆள் என்று எதிரணியினரைப் பிடித்துக்கொள்ளும் தடுப்பாளர்கள். இந்த அணியின் லெப்ட் பேக் ஜியாசிண்டோ ஃபாக்கெட்டி. ஆறடிக்கும் மேல் உயரம், நீண்ட கால்கள், சிறு வயதில் முன்னணி ஆட்டக்காரராக ஆடிப் பழகியவர். தடுப்பு ஆட்டக்காரரான இவர் 1965-66 இத்தாலிய லீக்கில் மட்டும் 10 கோல் போட்டார். அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாத கணக்கு.

எப்படி முடிந்தது? இன்டரின் இடது விங்கர் மாரியோ கோர்சோவைப் பாருங்கள். எண் 11 சட்டை போட்டிருந்தாலும் ஓரத்தில் நிற்பதில் அவருக்கு விருப்பம் கிடையாது. உள்ளே நடுப்பகுதிக்கு வந்து பந்தை வாங்கிக் கொடுப்பார். அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய எதிரணி ரைட் பேக் அவருடனேயே உள்ளே வருவார். ஓரம் காலி. அந்தக் காலி ஓரத்தில் பின்னாலிருந்து ஃபாக்கெட்டி ஓடி வருவார். இதுதான் ஓவர்லேப். தனக்கு முன்னால் பந்தோடு இருக்கும் விங்கரை வெளிப்பக்கமாக, கோட்டை ஒட்டிச் சுற்றிக்கொண்டு ஃபுல்பேக் தாண்டிப் போவது.

இதன் வலிமை எங்கே இருக்கிறது என்று எதிரணி ரைட் பேக்கின் இடத்தில் நின்று பார்த்தால் விளங்கும். எதிரே பந்தோடு விங்கர். பக்கத்தில் வேகமாக ஓடிப் போகும் இன்னொருவர். ஓடுகிறவரோடு போனால் விங்கர் உள்ளே வெட்டிக்கொண்டு கோலை நோக்கிப் போவார். விங்கரோடு நின்றால் பந்து ஓடுகிறவருக்குப் போகும், அங்கிருந்து கோல் முன்னால் கிராஸ் வரும். ஒருவர் இரண்டு கதவைக் காக்க வேண்டிய நிலைமை. உதவிக்கு ஆள் வருவதற்குள் காரியம் முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் ஓவர்லேப்பில் வேகத்தைவிட நேரம் முக்கியம். ஃபுல்பேக் எப்போது ஓடத் தொடங்க வேண்டும்? விங்கர் பந்தை வாங்கித் திரும்பித் தடுப்பாளரை நேருக்கு நேர் பார்க்கும் கணத்தில். அதற்கு முன்னால் ஓடினால், பந்து வருவதற்குள் ஆஃப்சைடு ஆகிவிடுவார், இல்லாவிட்டால் கோட்டருகே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தாமதமாக ஓடினால் இரண்டாவது தடுப்பாளர் வந்து சேர்ந்துவிடுவார். நேரம் சரியா தவறா என்று நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடுகிறவரைப் பார்க்காமல் தடுப்பாளரின் இடுப்பைப் பாருங்கள். அவர் உடம்பைத் திருப்ப வேண்டி வந்தால் ஓட்டம் சரியான நேரத்தில் வந்திருக்கிறது. நின்ற நிலையிலேயே இருவரையும் பார்க்க முடிந்தால் ஓட்டம் வீண்.

1965 மே 12 அன்று ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் லிவர்பூல் தன் மண்ணில் 3-1 என்று ஜெயித்திருந்தது. மிலானில் இன்டர் 3-0 என்று திருப்பிக் கொடுத்து இறுதிக்குப் போனது. மூன்றாவது கோல், அதாவது இன்டரை இறுதிக்கு அனுப்பிய கோல், லெப்ட் பேக் ஃபாக்கெட்டியுடையது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலது பக்கத்தில் ஜெயிர் என்ற பிரேசில்காரர் உண்மையான விங்கராகக் கோட்டை ஒட்டி ஆடினார். அதனால் ரைட் பேக் புர்க்னிச் பின்னாலேயே இருந்தார். ஒரு பக்கம் விங்கர் அகலம் கொடுக்கிறார், மறுபக்கம் ஃபுல்பேக் கொடுக்கிறார். இரண்டு ஃபுல்பேக்கும் ஒரே நேரத்தில் ஓடவில்லை. ஹெரேராவின் கணக்கு அது.

இப்போது மெக்சிகோவுக்கு வருவோம். 1970 இறுதிப் போட்டியில் இத்தாலியின் கேப்டனும் லெப்ட் பேக்கும் யார்? அதே ஃபாக்கெட்டி. பிரேசிலின் பயிற்சியாளர் யார்? அதே ஜகாலோ. அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் பொறுப்பேற்றிருந்தார். விங்கர் எங்கே போகிறார் என்பதைப் பொறுத்தே ஃபுல்பேக்கின் பாதை திறக்கும் என்பதைத் தன் காலாலேயே ஆடி அறிந்த இருவர் எதிரெதிர் முகாமில் இருந்தார்கள்.

இத்தாலி ஆளுக்கு ஆள் பிடிக்கும் ஆட்டம் ஆடியது. ஃபாக்கெட்டிக்குக் கொடுத்த வேலை பிரேசிலின் வலது விங்கர் ஜெய்ர்சின்ஹோவைப் பிடித்துக்கொள்வது. ஜெய்ர்சின்ஹோ அந்த உலகக் கோப்பையில் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் கோல் போட்டவர், விட்டுவைக்க முடியாது. அவர் என்ன செய்தார்? வலது ஓரத்தில் நிற்காமல் நடுவுக்கு வந்தார், சில நேரம் இடது ஓரத்துக்கே போனார். கட்டளைப்படி ஃபாக்கெட்டி கூடவே போனார். இத்தாலியின் இடது பக்கம், அதாவது பிரேசிலின் வலது ஓரம், ஆளில்லாமல் கிடந்தது. ஃபாக்கெட்டிக்கு முன்னால் இடது பக்கம் ஆடிய இத்தாலிக்காரர் லூயிஜி ரிவா. கோல் போடுவதற்காக முன்னால் நிற்பவர். பிரேசிலின் ரைட் பேக் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ முன்னேறினால் துரத்தி வர அங்கே யாரும் இல்லை. இந்த இடம் காலியாகும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம் எனக் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நான்காவது கோலை மெதுவாகப் பார்ப்போம். பிரேசிலின் பாதியில் குளோடோவால்டோ நான்கு இத்தாலியர்களை ஒருவர் பின் ஒருவராக ஏமாற்றிவிட்டுப் பந்தை இடது பக்கம் ரிவெலினோவுக்குக் கொடுக்கிறார். ரிவெலினோ கோட்டை ஒட்டி நேராக முன்னே அனுப்புகிறார். அங்கே, இடது ஓரத்தில், பந்தை வாங்குவது யார்? வலது விங்கர் ஜெய்ர்சின்ஹோ. அவர் எதிரே நிற்பது யார்? இத்தாலியின் லெப்ட் பேக் ஃபாக்கெட்டி. இருவரும் தங்கள் சொந்த இடத்திலிருந்து மைதானத்தின் முழு அகலம் தள்ளி நிற்கிறார்கள். ஜெய்ர்சின்ஹோ உள்ளே வெட்டிப் பந்தைப் பெனால்டி பகுதிக்கு வெளியே நிற்கும் பீலேவுக்குத் தருகிறார். இத்தாலியத் தடுப்பு முழுவதும் பந்தோடு அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கிறது.

பீலே அவசரப்படவில்லை. பந்தை நிறுத்தி, ஒரு கணம் வைத்திருந்து, வலது பக்கம் மெல்ல உருட்டிவிடுகிறார். டிவி சட்டகத்தில் அங்கே யாரும் இல்லை. தவறாகத் தட்டிவிட்டாரோ என்று தோன்றும். அப்போதுதான் சட்டகத்துக்குள் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ ஓடி வந்து நுழைகிறார். நிறுத்தாமல், ஓடிவந்த வேகத்திலேயே வலது காலால் அடிக்கிறார். பந்து தரையோடு போய்க் கோலின் தூரத்து மூலையில் விழுகிறது. நான்குக்கு ஒன்று.

பீலே வைத்திருந்த அந்த ஒரு கணம்தான் நாம் முன்பு சொன்ன நேரக் கணக்கு. உடனே தட்டியிருந்தால் பந்து ஆளுக்கு முன்னால் போயிருக்கும். இன்னும் வைத்திருந்தால் இத்தாலியர் ஒருவர் திரும்பியிருப்பார்.

ஓவர்லேப் என்றால் விங்கருக்குப் பக்கத்திலேயே சுற்றிப் போவதல்லவா, இது எப்படி ஓவர்லேப் ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விங்கர் இரண்டு மீட்டர் உள்ளே போவதற்குப் பதிலாக ஐம்பது மீட்டர் உள்ளே போயிருக்கிறார். கணக்கு ஒன்றுதான். விங்கர் விட்ட இடம், விங்கரோடு போன தடுப்பாளர், காலியான ஓரம், பின்னாலிருந்து வரும் ஃபுல்பேக்.

ஃபாக்கெட்டி கோட்டை விட்டார் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் சொன்ன வேலையைச் செய்தார். கோர்சோவின் பின்னால் இழுபட்டுப் போன ரைட் பேக்குகளால் மிலானில் அவருக்குக் கிடைத்த அதே இடம், இங்கே அவர் இழுபட்டதால் இன்னொருவருக்குக் கிடைத்தது. தவிர, நான்கு நாள் முன்னால்தான் மேற்கு ஜெர்மனியோடு கூடுதல் நேரம் வரை ஆடி 4-3 என்று ஜெயித்து வந்த கால்கள் அவை. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர். ஆறாவது ஆட்டத்தின் 86ஆவது நிமிடம்.

அதே ஆட்டத்தில் பிரேசிலின் லெப்ட் பேக் எவரால்டோவின் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்காது. கார்லோஸ் ஆல்பெர்ட்டோ போகலாம் என்றால் எவரால்டோ பின்னால் இருக்க வேண்டும். இருந்தார்.

பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பிரேசில் இந்தக் கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டது. 1982 ஜூலை 5, பார்சிலோனா நகரத்தின் சாரியா மைதானம். மறுபடியும் இத்தாலி. பிரேசிலுக்குச் சமன் செய்தாலே போதும். ஜிக்கோ, சாக்ரடீஸ், ஃபால்காவோ, செரேசோ என்று நடுவில் நான்கு மேதைகள். இடது ஓரத்தில் எடெர். வலது ஓரத்தில் நிரந்தரமாக ஒருவரும் இல்லை. தேவைப்படும்போது யாராவது போவார்கள், ரைட் பேக் லியாண்ட்ரோ பின்னாலிருந்து வந்து அகலம் கொடுப்பார் என்பது எண்ணம்.

1970இலும் வலது ஓரம் காலிதானே, என்ன வித்தியாசம்? அப்போது ஓரத்தில் ஒருவர் இருந்து, பிறகு காலி செய்தார். போகும்போது தடுப்பாளரையும் இழுத்துக்கொண்டு போனார். 1982இல் இழுக்க ஆளே இல்லை. இத்தாலியின் லெப்ட் பேக் கப்ரினிக்குப் பிடித்துக்கொள்ள நிரந்தரமான விங்கர் இல்லாததால், முன்னேறிப் போக அவருக்குத் தடையும் இல்லை. ஆட்டத்தின் ஐந்தாவது நிமிடம். இத்தாலியின் வலது விங்கர் புருனோ கோண்டி பந்தோடு உள்ளே வந்து, மறுபக்கம் இடது ஓரத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே முன்னேறி வந்திருந்தவர் கப்ரினி. அவர் கொடுத்த கிராஸைப் பாவ்லோ ரோஸ்ஸி தலையால் அடித்தார். கோல். பிரேசில் இரண்டு முறை சமன் செய்தும் கடைசியில் 3-2 என்று தோற்று ஊருக்குப் போனது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முதல் கோல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பாருங்கள்.

இனி அண்டர்லேப். ஓவர்லேப் பல பத்தாண்டுகள் ஆடப்பட்டு எல்லாருக்கும் பழகிவிட்டது. இடது காலால் ஆடுபவரை வலது ஓரத்திலும், வலது காலால் ஆடுபவரை இடது ஓரத்திலும் நிறுத்துவது வழக்கமானது. பயர்ன் முனிக் அணியில் வலது ஓரத்தில் ஆடிய ஆர்யன் ராபன் இடது கால்காரர். உள்ளே வெட்டிக் கோலை நோக்கி அடிப்பார் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் ரைட் பேக் பிலிப் லாம் அவருக்கு வெளியே ஓடிக்கொண்டே இருந்தார். பல முறை அவருக்குப் பந்து கிடைக்காது. தடுப்பாளர் ஒரு நொடி அவரைப் பார்த்தால் போதும், ராபன் உள்ளே போய்விடுவார். ஓரத்தில் நிற்பதே வேலை என்றேனே, பந்து வராமல் ஓடுவதும் வேலைதான்.

2013இல் பெப் கார்டியோலா அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தபோது வரிசையை மாற்றினார். விங்கர்கள் கோட்டிலேயே நிற்கட்டும், ஃபுல்பேக் உள்ளே வரட்டும். லாமும் ஆலாபாவும் நடுப்பகுதி ஆட்டக்காரர்களைப் போல உள்ளே வந்து நின்றார்கள். பின்னர் மான்செஸ்டர் சிட்டியில் 2017-18 பருவத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இடது கால்காரர் லெராய் சானே இடது கோட்டில், வலது கால்காரர் ஸ்டெர்லிங் வலது கோட்டில். லெப்ட் பேக் மெண்டி காயம்பட்டதால் அந்த இடத்துக்கு வந்த ஃபேபியன் டெல்ஃப் உண்மையில் நடுப்பகுதி ஆட்டக்காரர். அவர் உள்ளே வந்து நடுவைப் பலப்படுத்த, சானே ஓரத்தில் தனியாக அகலம் கொடுத்தார். அந்த ஆண்டு சிட்டி எடுத்த புள்ளிகள் 100.

விங்கர் கோட்டில் நின்றால் எதிரணி ஃபுல்பேக் அவரை நோக்கி வெளியே வர வேண்டும். வந்தால் அவருக்கும் பக்கத்து நடுத் தடுப்பாளருக்கும் நடுவே சந்து விழும். அந்தச் சந்து வழியாக, விங்கரின் உட்பக்கமாக, நம் ஃபுல்பேக்கோ நடுப்பகுதி ஆட்டக்காரரோ ஓடிப் போவதுதான் அண்டர்லேப். வெளியே சுற்றினால் ஓவர்லேப், உள்ளே புகுந்தால் அண்டர்லேப். இதில் பந்து கிடைக்கும் இடம் கோலுக்கு அருகில் இருக்கும். கோட்டோரத்திலிருந்து உயரமாகக் கிராஸ் அடிக்கத் தேவையில்லை. கடைசிக் கோடு வரை போய்ப் பின்னால் ஓடி வருபவருக்குத் தரையோடு திருப்பிக் கொடுக்கலாம். தடுப்பாளர்கள் எல்லாரும் தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பதால், பின்னால் வரும் பந்தைத் தடுப்பது கடினம்.

எது நல்லது என்று கேட்டால், விங்கர் எங்கே இருக்கிறார் என்று திருப்பிக் கேட்பேன். விங்கர் உள்ளே போனால் ஃபுல்பேக் வெளியே. விங்கர் வெளியே நின்றால் ஃபுல்பேக் உள்ளே. இருவரும் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டால், ஒரு தடுப்பாளர் இருவரையும் பார்த்துக்கொள்வார். அணி தடுமாறுகிறது என்பதற்கு முதல் அடையாளம் அதுதான்.

இன்னோர் ஆபத்து முதுகுப் பக்கம். ஃபுல்பேக் முன்னே போனதும் அவர் விட்ட இடத்துக்குத்தான் எதிரணி பந்தை முதலில் அனுப்பும். இரண்டு ஃபுல்பேக்கும் சேர்ந்தே போகலாமா? போகலாம், விலை கொடுத்தால். 2018-19 பருவத்தில் லிவர்பூலின் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் பிரீமியர் லீக்கில் 12 கோலுக்கும், மறுபக்கம் ராபர்ட்சன் 11 கோலுக்கும் கடைசிப் பந்தைக் கொடுத்தார்கள். விங்கர்களான சலாவும் மானேவும் உள்ளே போய் ஓரத்தை விட்டுக் கொடுத்ததால் வந்த கணக்கு அது. அதற்கு விலையாக, நடுப்பகுதி மூவரும் பெரும்பாலும் மேலே போகாமல் ஃபுல்பேக்குகள் விட்ட இடத்தைக் காத்தார்கள். ஜகாலோ 1958இல் செய்த வேலையை இங்கே மூன்று பேர் பங்கு போட்டுச் செய்தார்கள்.

கடைசியாக, ஆசிரியர் பழக்கம் விடாது, ஒரு வீட்டுப்பாடம். அடுத்த ஆட்டம் பார்க்கும்போது முதல் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். ஒரு பக்கத்து விங்கரை மட்டும் பாருங்கள். அவர் எந்தப் பக்கம் நகர்கிறார், எதிரணி ஃபுல்பேக் கூடவே போகிறாரா, விட்ட இடத்துக்குப் பின்னாலிருந்து யார் வருகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1970 இறுதிப் போட்டியின் நான்காவது கோலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். இம்முறை கார்லோஸ் ஆல்பெர்ட்டோ வருவதற்கு முன்பே, இடது ஓரத்தில் நிற்கும் வலது விங்கர் ஜெய்ர்சின்ஹோ உங்கள் கண்ணில் படுவார்.

பேரப்பிள்ளைகள் பந்து ஆடுகிற வீடாக இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.